பேனா தேடுவதற்குள் பறந்துபோகும் பத்து இலக்கம்

1958 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து எலிசபெத் ராணி எடின்பரோவுக்கு போன் செய்தார். இடையில் ஆபரேட்டர் யாரும் இல்லை. வெளியூருக்கு நேராக டயல் செய்யும் வசதி பிரிட்டனில் அன்றுதான் தொடங்கியது. அதுவரை ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைப்புக் கொடுப்பார். இனி அந்த வேலையை மக்களே செய்ய வேண்டும். அதற்குச் சுழற்ற வேண்டிய எண்களோ நீண்டுகொண்டே போயின. நீண்ட எண்ணைச் சாதாரண மனிதர்கள் தவறில்லாமல் சுழற்றுவார்களா என்ற கவலை, அப்போது தொலைபேசியையும் நடத்திவந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்கு வந்ததில் வியப்பில்லை.

கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஆர். கான்ராட் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். நீளமான எண் ஒன்றைக் கேட்டதும் அதை டயல் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் வைத்த சோதனை. ஒரு சுற்றில் எண்ணை மட்டும் டயல் செய்தால் போதும். இன்னொரு சுற்றில் அதற்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைச் சுழற்ற வேண்டும். பூஜ்யத்தை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, எப்போதும் அதே பூஜ்யம்தான். ஆனாலும் அதைச் சுழற்றிய சுற்றுகளில் தவறுகள் தெளிவாகக் கூடின. பூஜ்யத்துக்குச் செலவான அந்தச் சில கணங்களுக்குள் எண்ணின் ஒரு பகுதி கைநழுவிப் போயிருந்தது.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "நம்பர் சொல்றேன், எழுதிக்கோ" என்று மறுமுனையில் ஒருவர் பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். இந்தப் பக்கம் பேனாவைத் தேடிக் கை மேசையைத் துழாவும். பேனா கிடைக்கும்போது முதல் மூன்று இலக்கமும் கடைசி இரண்டும் மிஞ்சியிருக்கும், நடுவில் இருந்தவை காணாமல் போயிருக்கும். "எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி" என்று அவர் நொந்துகொள்வார். அந்த எண் அவருடைய நீண்டகால நினைவுக்குப் போய்ச் சேரவே இல்லை. அது இருந்த இடம் வேறு. உளவியலில் அதற்கு ஒர்க்கிங் மெமரி என்று பெயர், தமிழில் செயல் நினைவு எனலாம். ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வரை அதற்கு வேண்டிய தகவலை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு அது.

பாடம் திட்டமிடும் ஆசிரியர் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் அறிந்து வைத்திருந்தால் நல்லது. கரும்பலகைக்கு முன்னால் நின்று அவர் வாயால் சொல்லும் ஒவ்வொன்றும் முதலில் இந்த இடத்துக்குத்தான் போகிறது.

இரண்டு விநாடிக் குரல்

1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் செயல் நினைவுக்கு ஒரு வரைபடம் தந்தார்கள். காதால் கேட்டதை ஒலியாக வைத்திருக்க ஒரு பகுதி, கண்ணால் கண்டதை உருவமாக வைத்திருக்க ஒரு பகுதி, இரண்டையும் பார்த்துக்கொண்டு கவனத்தைப் பங்கிட்டுத் தருவதற்கு ஒரு பகுதி என்று அது பிரிந்திருந்தது. போன் நம்பர் விஷயத்தில் முக்கியமானது முதல் பகுதி. அதை ஒலிச் சுழல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒலிச் சுழலுக்குள் நடப்பது எளிமையானது. கேட்ட ஒலி சில கணங்களில் மங்கத் தொடங்கும். மங்குவதற்குள் மனக்குரல் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் ஒலி மறுபடி புதிதாகும். கீழே விழாமல் கையால் தட்டித் தட்டி மேலே நிறுத்தும் பலூன்களைப் போலத்தான். நான்கைந்து பலூன்களைச் சமாளித்துவிடலாம், பத்தைத் தட்டப் போனால் பத்தாவதுக்குக் கை வருவதற்குள் முதலாவது தரையைத் தொட்டிருக்கும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு 1975இல் பேட்லி குழுவினரின் சோதனைகள் ஓர் அளவு தந்தன. சாட், பர்மா, கிரீஸ் போன்ற குட்டிப் பெயர்களை அடுக்கிச் சொன்னால் கேட்டவர்கள் எளிதாகத் திருப்பிச் சொன்னார்கள். செக்கோஸ்லோவாக்கியா, சுவிட்சர்லாந்து என்று நீளப் பெயர்களை அடுக்கியபோது தடுமாறினார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், வாயில் வர எடுக்கும் நேரம்தான் வேறு. ஒருவர் ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் எத்தனை சொற்களைச் சொல்ல முடியுமோ அத்தனை சொற்களை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது. பத்து இலக்க செல்போன் எண்ணை இயல்பான வேகத்தில் சொல்லவே அதைவிட நேரம் பிடிக்கும். எழுதாமல் அதைத் தக்கவைப்பது எல்லோருக்கும் எட்டாமல் போவது அதனால்தான்.

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. வேல்ஸ் மொழி பேசும் பிள்ளைகள் இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் தேர்வில் ஆங்கிலப் பிள்ளைகளைவிடக் குறைவாக வாங்குவதற்குக் காரணம் தேடினார்கள் எல்லிஸ், ஹென்னெலி என்ற ஆய்வாளர்கள். 1980இல் அவர்கள் சொன்ன விடை: வேல்ஸ் மொழியில் எண்ணுப் பெயர்களைச் சொல்ல நேரம் அதிகம் ஆகிறது. இரு மொழியும் தெரிந்த அதே ஆட்களே ஆங்கிலத்தில் கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொண்டார்கள். மனக்குரல் வேலை செய்யாதபடி தடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தமிழில் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் ஈரசை, 'ஒன்பது' மூன்றசை. ஆங்கிலத்திலோ 'நைன்' என்று ஒரே அசையில் முடிந்துவிடும். ஒரே குழந்தையிடம் இரு மொழியிலும் இலக்கங்களைச் சொல்லச் சொல்லி, கிடைத்த மதிப்பெண்ணை வைத்து அறிவை எடைபோடும் ஆசிரியர் இதை மறக்கக்கூடாது. அந்தக் குழந்தைக்கு எந்த மொழியில் எண்கள் வேகமாக நாக்கில் வருகின்றன என்பதும் அந்த மதிப்பெண்ணுக்குள் கலந்திருக்கிறது.

மனக்குரலைப் பயன்படுத்தும் பழக்கமே எல்லா வயதிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1966இல் அமெரிக்காவில் ஜான் ஃபிளாவெலும் அவருடைய குழுவினரும் சிறுபிள்ளைகளின் தலையில் விண்வெளி வீரர்களுடையது போன்ற பொம்மை ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். கண்ணை மறைக்கும் மூடி அதில் உண்டு, உதடு மட்டும் வெளியே தெரியும். படங்களின் வரிசையை நினைவில் வைக்கச் சொல்லி மூடியை இறக்கிவிட்டு, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கவனித்தார். ஐந்து வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலரின் உதடே அசைந்தது. பத்து வயதுக்காரர்களில் பெரும்பாலோர் படங்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கோ" என்று சொல்லி விட்டுவிட்டால் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த வேலையைக் குழந்தை இன்னும் பழகவே இல்லாமல் இருக்கலாம்.

முந்தைய எண் செய்யும் குறும்பு

இரண்டு விநாடிக் கணக்கு மட்டுமே காரணம் என்றால், மூன்றே மூன்று எழுத்துகளை யாரும் மறக்கக்கூடாது. ஆனால் மறக்கிறார்கள். 1959இல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதி செய்த சோதனை பாடப்புத்தகங்களில் இன்றும் இடம்பெறுகிறது. மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்வார்கள், உடனே ஒரு எண்ணைச் சொல்லி அதிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். மனக்குரல் கழித்தலில் மாட்டிக்கொள்வதால் எழுத்துகளைச் சொல்லிப் பார்க்க வழியில்லை. பதினெட்டு விநாடி கழித்துக் கேட்டபோது பத்தில் ஒருமுறைதான் சரியான விடை வந்தது.

நேரம் போனதால் ஒலி அழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1962இல் கெப்பல், அண்டர்வுட் என்ற இருவர் அதே சோதனையின் முதல் சுற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். முதல் சுற்றில் மறதி அனேகமாக இல்லவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளிலிருந்துதான் அது ஏறியது. முந்தைய சுற்றின் எழுத்துகள் போகாமல் நின்று, புதியவற்றோடு கலந்து குழப்பியிருந்தன. மறதியில் நேரத்தின் பங்கு எவ்வளவு, குறுக்கீட்டின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒன்றைப் போலவே இருக்கும் இன்னொன்று குழப்பும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. கான்ராடே 1964இல் இதற்கு ஒரு தடயம் கொடுத்தார். எழுத்துகளைக் கண்ணால் பார்த்து எழுதச் சொன்னபோதும் தவறுகள் ஓசையின் வழியில்தான் போயின. ஆங்கிலத்தில் 'வி'க்குப் பதில் 'பி' எழுதினார்கள், உருவத்தில் ஒத்திருக்கும் எழுத்தை எழுதவில்லை. கண்ணால் கண்டதையும் மனம் உள்ளுக்குள் ஒலியாக்கித்தான் வைத்துக்கொண்டது.

வாய்க்கணக்கு வகுப்பில் இது அடிக்கடி தலைகாட்டும். முதல் கணக்கில் 38, அடுத்ததில் 35 என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். இரண்டாவது கணக்கில் ஒரு பிள்ளை 38ஐப் போட்டு எழுதியிருக்கும். காது கேளாமலோ கவனம் சிதறியோ வந்த தவறாக இது இருக்க வேண்டியதில்லை. முதல் கணக்கின் எண் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கணக்குகளுக்கும் நடுவே கொஞ்சம் பேச்சை மாற்றுவதும், எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த வகைத் தவறைக் குறைக்கும்.

1330 யாருக்கு ஒன்று, யாருக்கு நான்கு

ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையால் 'ஏழு' என்ற எண் புகழ்பெற்றது. மனம் ஒரே நேரத்தில் ஏழு பொருட்களை, இரண்டு கூடவோ குறையவோ, வைத்துக்கொள்ளும் என்று பலரும் அதைச் சுருக்கிச் சொல்வார்கள். சொல்லிப் பார்க்கவும் சேர்த்துக் கட்டவும் வழியில்லாதபடி செய்தால் எஞ்சுவது நான்கு அளவில்தான் என்று நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். ஏழோ நான்கோ, மில்லரின் கட்டுரையில் ஆசிரியருக்குப் பயன்படுவது வேறொரு செய்தி: எண்ணிக்கை இலக்கங்களுக்கு இல்லை, கட்டுகளுக்கு.

194720041330 என்ற பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகக் கேட்டால் யாருக்கும் நிற்காது. 1947, 2004, 1330 என்று பிரித்துச் சொன்னால் தமிழ்நாட்டில் படித்த பெரியவர் ஒருவருக்கு அவை மூன்று பொருட்கள்: சுதந்திரம், சுனாமி, திருக்குறள். பன்னிரண்டும் அவரிடம் பத்திரமாக இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படிப் பிரித்துச் சொன்னாலும் கிடைப்பது கொஞ்சம்தான். 1947 ஓர் ஆண்டு என்பதும், குறள்கள் எத்தனை என்பதும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. பெரியவரின் மனத்தில் இடம் கூடுதலாக இருக்கிறது என்று சொல்வதைவிட, ஓர் இடத்தில் வைக்கும் பொருள் அவரிடம் பெரிதாக இருக்கிறது என்பதே சரி.

இதை மிகத் தூரம் கொண்டுபோன சோதனை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எஸ்.எஃப். என்று மட்டும் குறிப்பிடப்பட்ட மாணவர் ஒருவர் தொடக்கத்தில் எல்லோரையும்போல் ஏழு இலக்கங்கள்தான் திருப்பிச் சொன்னார். ஏறத்தாழ இருபது மாதப் பயிற்சிக்குப் பின் அவர் 79 இலக்கங்களை எட்டினார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். கேட்ட இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்து, இது ஒரு மைலுக்கு ஆன நேரம், அது இன்னொரு பந்தயத்துக்கு ஆன நேரம் என்று தமக்குத் தெரிந்த ஓட்ட நேரங்களாக மாற்றி வைத்துக்கொண்டார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்ததும் மறுபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். 1980இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் ஆகியோர் வெளியிட்ட இந்த முடிவு பிறகு வந்த பலவற்றுக்கு முன்னோட்டம். செயல் நினைவையே பெரிதாக்குவதாகச் சொல்லும் கணினிப் பயிற்சிகளை மெல்பி-லெர்வோக், ஹியூம் ஆகியோர் 2013இல் தொகுத்து ஆராய்ந்தபோதும் அதே கதைதான். பிள்ளைகள் பயிற்சியில் வந்த விளையாட்டுகளில் முன்னேறினார்கள், ஆனால் வாசிப்புக்கோ கணக்குக்கோ அந்த முன்னேற்றம் வந்து சேரவில்லை. ஆகவே பாடத்திட்டத்தில் நினைவுப் பயிற்சிக்கு ஒரு பீரியட் ஒதுக்கினால் கிடைப்பது சொற்பம். வாய்ப்பாட்டையும் பாடத்தின் அடிப்படைச் சொற்களையும் நன்றாகப் படிய வைத்தால் பல பொருட்கள் ஒரே கட்டாகும்.

செல்போன் எண்ணை ஐந்து ஐந்தாகச் சொல்லும் வழக்கம் இங்கே பரவலானது. அதே எண்ணை மூன்று, மூன்று, நான்கு என்று ஒருவர் சொன்னால் தம் சொந்த எண்ணே சட்டென்று அடையாளம் தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. கட்டு மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. "டபுள் செவன்", "ட்ரிபிள் ஃபோர்" என்பதிலும் சிறு சிக்கல் உண்டு. சொல்பவருக்கு அது சுருக்கம். எழுதுபவருக்கோ அதை 77 என்று விரிக்கும் வேலை கூடுதல், அந்த வேலைக்குள் அடுத்த இலக்கம் வந்து போய்விடும்.

ஒரு கணக்கு, உள்ளே நடப்பது

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் வாயால் ஒரு கணக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு பள்ளிக்கு 24 பெட்டி பென்சில் வந்துச்சு. ஒரு பெட்டியில 15 பென்சில். அதுல 38 பென்சில் உடைஞ்சிருந்துச்சு. மிச்சத்தை 7 வகுப்புக்கும் சமமா பிரிச்சா ஒரு வகுப்புக்கு எத்தனை?"

விடை 46. 24ஐ 15ஆல் பெருக்கினால் 360, அதில் 38 போனால் 322, ஏழால் வகுத்தால் 46. ஐந்தாம் வகுப்புக்கு இதில் எந்தப் படியும் அதிகமில்லை. ஆனால் கேட்டு முடித்த கணத்தில் பிள்ளையின் மனத்தில் இருக்க வேண்டியவை 24, 15, 38, 7 என்ற நான்கு எண்கள், ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பது, கடைசிக் கேள்வி. இவ்வளவையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் பெருக்கத் தொடங்க வேண்டும்.

பெருக்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. 24ஐ ஐந்தால் பெருக்கப் பிள்ளை மனக்குரலில் "நாலஞ்சு இருபது" என்று சொல்லும். 38ஐயும் 7ஐயும் மங்காமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே மனக்குரல்தான். ஒரு வாயால் இரண்டு வேலை நடக்காது. கான்ராடின் பூஜ்யமும் பீட்டர்சன் தம்பதியின் பின்னோக்கி எண்ணுதலும் செய்ததைத்தான் வாய்ப்பாடு இங்கே செய்கிறது. 120, 240 என்ற இடைப்பட்ட விடைகள் வேறு இடம் கேட்கும். 360க்கு வந்து சேரும்போது பல பிள்ளைகளிடம் 38 இருக்காது.

அப்போது வரும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஒரு பிள்ளை 353 என்று நோட்டில் எழுதியிருக்கிறது என்றால், 360இலிருந்து 7ஐக் கழித்திருக்கிறது. 38 காணாமல் போக, கடைசியாகக் கேட்டதால் தங்கியிருந்த 7 அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு பிள்ளை 338 என்று எழுதியிருந்தால் கதை வேறு. எண்கள் எல்லாம் நினைவில் இருந்திருக்கின்றன. பூஜ்யத்திலிருந்து எட்டைக் கழிக்க முடியாது என்பதால் எட்டிலிருந்து பூஜ்யத்தைக் கழித்திருக்கிறது, கடன் வாங்குவது புரியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சிவப்பு மையில் ஒரே தப்புக் குறிதான் விழும், வேண்டிய உதவி மட்டும் ஒன்றில்லை. சந்தேகம் இருந்தால் அதே வகைக் கணக்கை எழுத்தில் கொடுத்துப் பார்க்கலாம். தாளில் பார்த்துச் சரியாகச் செய்யும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், தூக்கிச் சுமந்ததுதான் பாரம். தாளிலும் அதே இடத்தில் தவறினால் கழித்தலைத்தான் திரும்பச் சொல்லித்தர வேண்டும்.

பாடத்தை மாற்றி எழுதுவது கடினமில்லை. கணக்கைச் சொல்லும்போதே '24 பெட்டி', '15 பென்சில்', '38 உடைந்தவை', '7 வகுப்பு' என்று நான்கு வரிகளாகப் பலகையில் எழுதி, கணக்கு முடியும் வரை அழிக்காமல் விட்டால் போதும். 360 கிடைத்ததும் நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்துவிட்டு அடுத்த படிக்குப் போகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் மனக்குரல் இப்போது வாய்ப்பாட்டுக்கு மட்டும்தான். "இப்படி எழுதிப் போட்டா அது வாய்க்கணக்கா?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அன்றைய பாடத்தின் நோக்கம் மனக்கணக்கு வேகம் என்றால் எழுத வேண்டாம், எண்களைக் குறைத்துக்கொள்ளலாம். நோக்கம் பெருக்கல், கழித்தல், வகுத்தலைச் சேர்த்துச் செய்வது என்றால் எண்களை நினைவில் வைப்பது பாடத்தைச் சேர்ந்ததல்ல, அதைப் பலகை பார்த்துக்கொள்ளலாம்.

"சொன்னதே காதுல விழாதா?"

கணக்கைவிட அதிகம் தடுமாற வைப்பது கட்டளை. "ரஃப் நோட்டை உள்ள வெச்சிட்டு, கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, 63ஆம் பக்கத்துல மூணாவது கணக்கையும் அஞ்சாவது கணக்கையும் செஞ்சு, முடிச்சவங்க மேசையில கொண்டாந்து வைங்க" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அதில் ஆறேழு செய்திகள் இருப்பது சொல்பவருக்குத் தெரிவதில்லை. தினமும் நடப்பதால் அவருக்கு அது ஒரே கட்டு.

பிரிட்டனில் சூசன் கேதர்கோல், ட்ரேஸி அலோவே இருவரும் செயல் நினைவு குறைந்த பிள்ளைகளை வகுப்பறைக்குள் உட்கார்ந்து கவனித்தார்கள். அவர்கள் பதிவு செய்த ஒரு காட்சி: தாளைப் பச்சை மேசையில் வை, அட்டைகளைப் பையில் போடு, பென்சிலை எடுத்து வை, விரிப்பில் வந்து உட்கார் என்று ஆசிரியர் சொல்கிறார். ஒரு சிறுவன் தாளைக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கேயே நின்றுவிடுகிறான். மற்றவர்கள் விரிப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் போய்ச் சேர்ந்துகொள்கிறான். அட்டையும் பென்சிலும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனமில்லாதவர்கள் என்று ஆசிரியர்கள் எண்ணிவிடுவதும், நினைவில் சிக்கல் இருக்கும் என்று யோசிக்காமல் போவதும் சகஜம்.

அடையாளங்கள் வேறு சிலவும் உண்டு. பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்வது, வரியைத் தவறவிட்டு வேறு வரியிலிருந்து தொடர்வது, நீண்ட வேலையைப் பாதியில் விட்டுவிடுவது, கை தூக்கிவிட்டு எழுந்ததும் சொல்ல வந்ததை மறந்து விழிப்பது. ஒன்றிரண்டு முறை எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும். வாரக்கணக்கில் ஒரே பிள்ளையிடம் தொடர்ந்தால்தான் அது பொருட்படுத்த வேண்டியது.

அதே பிள்ளை போன மாதம் கேட்ட கதையை அச்சுப் பிசகாமல் சொல்லக்கூடும். அதில் முரண்பாடு இல்லை. 1969இல் எலிசபெத் வாரிங்டன், டிம் ஷாலிஸ் இருவரும் விவரித்த கே.எஃப். என்ற நோயாளிக்கு மூளையில் அடிபட்ட பின் ஒன்றிரண்டு இலக்கங்களுக்கு மேல் கேட்டுத் திருப்பிச் சொல்ல வரவில்லை. ஆனால் நீண்ட நாள் நிற்க வேண்டியவற்றைக் கற்பதில் அவருக்குக் குறையில்லை. இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள். கட்டளையை மறந்த பிள்ளையிடம் "பாட்டு மட்டும் ஞாபகம் இருக்குதே?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒலிச் சுழல் பழுதானால் பாதிக்கப்படும் ஒன்று இருக்கிறது: புதுச் சொல். இத்தாலியில் பி.வி. என்ற பெண்மணிக்கு அந்தப் பகுதி மட்டும் சேதமாகியிருந்தது. பேட்லி, பாபானோ, வல்லார் ஆகியோர் 1988இல் வெளியிட்டபடி, தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்து நினைவில் வைப்பது அவருக்கு எளிதாக இருந்தது, தெரியாத ரஷ்யச் சொற்களைக் கற்க முடியவே இல்லை. அறிவியல் வகுப்பில் 'பசுங்கணிகம்' என்ற சொல் முதல்முறை காதில் விழும்போது பிள்ளைக்கு அது வெறும் ஒலித்தொடர்தான். அதன் வேலை என்ன என்று அதே வாக்கியத்தில் விளக்கத் தொடங்கினால் ஒலியும் தங்காது, விளக்கமும் ஏறாது. சொல்லை நிறுத்திச் சொல்லி, வகுப்பைச் சேர்ந்து இரண்டு முறை சொல்ல வைத்து, பலகையில் எழுதிய பிறகு விளக்கத்துக்குப் போனால் அது பிடித்துக்கொள்ளும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் சாதாரண வகுப்பில், மூன்று பேருக்காவது நான்கு வயதுக் குழந்தையின் சராசரிக்கு இணையான செயல் நினைவு இருக்கும் என்றும், மூன்று பேருக்குப் பதினொரு வயதுக்காரரின் அளவில் இருக்கும் என்றும் கேதர்கோலும் அலோவேயும் ஆசிரியர்களுக்கான கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். ஒரே கட்டளை இந்த ஆறு பேருக்கும் ஒன்றுபோல் போய்ச் சேராது. பலகையில் நான்கு வரி எழுதிப் போடுவது முதல் மூவருக்குத் தேவை, கடைசி மூவருக்குப் பெரிய தொந்தரவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியையும் விரித்து எழுதி வைத்தால், பாடம் ஏற்கெனவே படிந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதுவே சுமையாகும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெரிந்ததைத் திரும்பப் படித்து, தன் வழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவர்களுக்குக் கூடிவிடுகிறது. அதனால் முதல் வாரம் ஆசிரியரே எழுதுவது, அடுத்த வாரம் எண்களை மட்டும் எழுதிவிட்டு எது எதைக் குறிக்கிறது என்பதைப் பிள்ளைகளை நிரப்ப வைப்பது, அதற்கடுத்து கணக்கைச் சொல்லச் சொல்ல அவரவர் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்வது என்று படிப்படியாகக் கையை எடுப்பதே வசதி. 360ஐ யாரும் சொல்லாமல் தானாக ஓரத்தில் எழுதும் பிள்ளைக்குப் பலகை வரிகளை நிறுத்திவிடலாம். எழுதாமல் விட்டு 353க்குப் போகும் பிள்ளைக்கு அவற்றை இன்னும் சில வாரம் தொடர வேண்டும்.